‘அவசரமில்லை’ என்று எழுதினால் போதுமா?

“எனக்கு வசதியான நேரத்தில் அனுப்புகிறேன், உங்களுக்கு வசதியான நேரத்தில் பதில் போடுங்கள்.” இந்த வரியை மின்னஞ்சலின் அடியில் நிரந்தரமாக ஒட்டிவைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் எல்லா மடலிலும் நிற்கும் வரியை இரண்டாம் நாளே கண் தாண்டிப் போய்விடும். நிஜமாகவே அவசரமான மடலின் அடியிலும் அதுதான் நிற்கிறது.

பிரச்சினை எங்கே என்பதை லாரா ஜர்ஜ், வனெசா போன்ஸ் ஆகியோரின் 2021 ஆய்வு தெளிவாகக் காட்டியது. வேலை நேரம் முடிந்தபின் வரும் அவசரமற்ற மடலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வேண்டும் என்பதை, அனுப்பியவர் நினைப்பதைவிடப் பெற்றவர் அதிகமாகவே கணிக்கிறார். அவசரமில்லை என்று அந்த மடலிலேயே சொல்லிவிட்டால் இந்த இடைவெளி குறைகிறது.

இதை அப்படியே நம் அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியுமா? பாதிதான் முடியும். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு மேலாளர் வாட்ஸ்அப்பில், “அவசரமில்லை, ஃப்ரீயா இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டைப் பாருங்க” என்று அனுப்புகிறார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண் அதை எப்படிப் படிப்பாள்? ‘ஞாயிற்றுக்கிழமை நீ ஃப்ரீதானே?’ என்றுதான். நீலக்குறி விழுந்துவிட்டதே என்ற பயம் வேறு. முடிவை அவள் தலையில் கட்டிய வாக்கியம் அது. “திங்கள் மதியம் 2 மணிக்குள் மூன்றாம் பக்கக் கணக்கைச் சரிபார்த்தால் போதும். அதுவரை பதில் வேண்டாம்” என்று எழுதியிருந்தால் ஊகிக்க ஒன்றுமில்லை. எது வேண்டும், எப்போது வேண்டும் என்ற இரண்டுமே அதில் இருக்கின்றன.

சட்டத்தை நம்பலாமா? ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் படிக்காமலோ பதில் தராமலோ இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அனுப்புவதை அது தடுக்கவில்லை. போர்ச்சுகல் 2021-இல் பொறுப்பை முதலாளியின் பக்கம் வைத்தது: ஓய்வு நேரத்தில், தவிர்க்க முடியாத சூழலில் தவிர, தொடர்புகொள்ளாதே என்றது. எனக்கு இதுவே சரியான திசையாகப் படுகிறது. இந்தியாவில் இதே உரிமைக்காகச் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆகவே இங்கே வாசகம்தான் வேலை செய்தாக வேண்டும்.

அந்த வாசகத்தைக் கெடுப்பதும் எளிது. ‘பதில் வேண்டாம்’ என்று எழுதிவிட்டு, இரவே பதில் போட்டவருக்கு குழுவில் கட்டைவிரல் உயர்த்தினால், அடுத்த வாரம் எல்லோரும் இரவே பதில் போடுவார்கள்.

என் தீர்ப்பு இது: மின்னஞ்சல் என்றால் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள், ஜிமெயிலில் அந்த வசதி 2019 முதலே இருக்கிறது. அப்போதே அனுப்பியாக வேண்டுமென்றால் கெடுவை முதல் வரியிலேயே எழுதுங்கள். காத்திருக்க முடியாத விஷயமா, போன் போடுங்கள். அடியில் ஒட்டிய அந்த நிரந்தர வரியை எடுத்துவிடலாம்.