வாய் தெரியாத குரல்

கேம்பல் லேனைப் பற்றி வருகிற குறும்படங்களைத் தொடர்ந்து பார்த்துவந்தால் ஒன்று தெரியும். எடுப்பவர்களில் பாதிப் பேர் கேமரா முன்னால் நிற்க மாட்டார்கள். கூச்சம், வியர்வை, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம், எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆகவே பூக்கடை, புடவைக்கடை, தோரண விளக்கு என்று காட்சிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அறையைச் சாத்திக்கொண்டு குரலைப் பதிவுசெய்து மேலே ஒட்டிவிடுகிறார்கள். சுலபமான வழி என்று நினைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமரா முன்னால் பேசுகிறவருக்கு ஓர் இடம் உண்டு. அவர் தெருவில் நிற்கிறார், வெயில் அவர் முகத்திலும் படுகிறது. பின்னணிக் குரலுக்கு இடம் கிடையாது. அது எங்கிருந்தோ பேசுகிறது, நாமும் நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கையைப் பிரித்துப் போட்டுக் காட்டிய படம் கிரிஸ் மார்க்கரின் ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’ (1957). யாக்கூட்ஸ்க் நகரத் தெருவில் எடுத்த சில நொடிக் காட்சி: ஒரு பேருந்து, ஒரு சொகுசு கார், சாலையைச் சமன்படுத்தும் தொழிலாளர்கள், கேமராவைக் கடந்துபோகிற மாறுகண் கொண்ட ஒரு மனிதர். இதே துண்டை மூன்று வர்ணனைகளோடு திரும்பத் திரும்பக் காட்டுகிறார் மார்க்கர். ஒன்றில் அது சோசலிச சொர்க்கம், இன்னொன்றில் இருண்ட அடிமை நாடு. மூன்றாவது யாருக்கும் சாயாத நடுநிலை. மூன்று தடவையும் பார்வையாளரின் கண், குரல் சொன்ன இடத்துக்குத்தான் போகிறது. முதல் இரண்டும் பொய் என்று யாருக்கும் புரிந்துவிடும். நடுநிலை வர்ணனையும் தெருவைக் காட்டாமல் அதன் மேல் ஒரு மூடியைப் போடுகிறது என்பதுதான் மார்க்கர் வைத்த கண்ணி. இந்தப் படத்தைப் பற்றி 1958இல் எழுதிய ஆந்த்ரே பஸான், இங்கே தொகுப்பு ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகவில்லை, காதிலிருந்து கண்ணுக்குப் பக்கவாட்டில் போகிறது என்ற பொருளில் சொன்னார். பின்னணிக் குரலைப் பற்றி நான் படித்ததில் எனக்கு அதிகம் உதவிய வாக்கியம் அதுதான்.

இதைத் தேக்காவில் வைத்துப் பாருங்கள். ஞாயிறு மாலை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கப் புல்வெளி. வெளிநாட்டு ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் ஃபோனில் பேசுகிறார், ஒருவர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். “லிட்டில் இந்தியாவின் துடிப்பான வார இறுதி” என்றால் அது சுற்றுலா விளம்பரம். “குடியிருப்பாளர்களுக்கு நெரிசல் தொல்லை” என்றால் அதே பொட்டலம் குப்பையாகத் தெரியும். “ஊழியர்கள் தங்கள் ஓய்வுநாளைக் கழிக்கிறார்கள்” என்றால் ஒன்றுமே தெரியாது, கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு இந்தப் புல்வெளியின் மேல் எத்தனை குரல்கள் ஏறின என்பதை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புல்வெளியில் உட்கார்ந்திருந்தவரின் குரல் அவற்றில் அரிதாகத்தான் இருந்தது.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் டான் பின் பின். அவருடைய ‘சிங்கப்பூர் காகா’ (2005) 55 நிமிடப் படம். சத்தங்களால் ஆன நகரம்தான் அதன் பொருள். வர்ணனையாளர் என்று யாருமே இல்லை. சீன வட்டார மொழிகளில் செய்தி வாசிப்பவர்கள் வருகிறார்கள், டிஷ்யூ விற்பவரின் பாட்டு வருகிறது, புளோக்கின் கீழ்த்தளத்தில் மார்கரெட் லெங் டான் ஜான் கேஜின் மௌன இசையை ‘வாசிக்கிறார்’. எனக்குப் பிடித்த இடம் வேறு. எம்ஆர்டியில் முகமில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்த அறிவிப்புக் குரலுக்கு உரியவரையே கேமரா முன்னால் கொண்டுவருகிறார். முகமில்லாத குரலுக்கு முகம் வந்ததும் அதன் அதிகாரம் சட்டென்று இறங்கிவிடுகிறது, அவரும் நம்மைப் போல ஒருவர்தானே என்று. வர்ணனையை வேண்டாம் என்று சொன்ன படம், வர்ணனைக் குரல் எப்படி வேலை செய்கிறது என்பதை இப்படிப் போகிறபோக்கில் காட்டிவிடுகிறது.

ஆனால் எல்லாரும் டான் பின் பின் மாதிரி குரலைத் தவிர்க்கத் தேவையில்லை. தமிழில் பின்னணிக் குரல் ஏன் இவ்வளவு மோசமாக உட்காருகிறது என்பதுதான் என் கவலை. என் பதில், குரல்வளத்துக்கும் மைக்குக்கும் அதில் பெரிய பங்கில்லை, வாக்கிய அமைப்புதான் காரணம்.

நண்பர் ஒருவர் கேம்பல் லேன் மாலைக்கடையைப் பற்றி ஒரு நான்கு நிமிடப் படம் எடுத்தார், ஒலி வேலை என்னுடையது. அதில் ஒரு ஏழு நொடித் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு நொடி கடைக்காரரின் முகம். அடுத்த இரண்டு நொடி நார் இழுக்கும் விரல்கள். கடைசி மூன்று நொடி சிராங்கூன் சாலைக் கோயிலின் கோபுரம். நண்பர் மனதுக்குள் ஆங்கிலத்தில் யோசித்து அடுக்கிய வரிசை அது: ஆள், செயல், அது போய்ச் சேரும் இடம். வர்ணனையைத் தமிழில் எழுதியபோது இப்படி வந்தது: “சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு இன்றிரவு போகவிருக்கும் மாலையைக் கட்டுகிறார் இந்தக் கடைக்காரர்.” இலக்கணச் சுத்தமான வாக்கியம்தான். 31 அசை, நிதானமாகப் படித்தால் ஆறு நொடி. இப்போது படத்தோடு ஓட்டிப் பாருங்கள். ‘கோயில்’ என்ற சொல் முதல் நொடியிலேயே வந்துவிடுகிறது. திரையில் கடைக்காரர் முகம். ‘மாலை’ வரும்போது விரல்கள் இருக்கின்றன, நடுவில் இருப்பதால் தப்பித்தது. ‘கடைக்காரர்’ என்னும்போது திரையில் கோபுரம். வாக்கியம் கண்ணாடியில் விழுந்த பிம்பம் மாதிரி படத்துக்கு எதிர்த்திசையில் போகிறது.

பார்க்கிறவருக்கு இது தவறு என்று தெரியாது. ஏதோ ஒட்டவில்லை, கவனம் நழுவுகிறது என்று மட்டும் தோன்றும். குரலை அரை நொடி முன்னே பின்னே நகர்த்தினாலும் சரியாகாது, ஏனென்றால் இங்கே பிசகியிருப்பது நேரம் இல்லை, வரிசை. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும், வினை பின்னால் போகும். ஆங்கிலத்தில் எழுதி, அந்த வரிசைக்கு வெட்டி முடித்த படத்தின் மேல் மொழிபெயர்த்த தமிழை ஏற்றினால் இதுதான் நடக்கும். அந்தக் காலத்தில் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் போட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களின் தமிழ் ஞாபகமிருந்தால், அந்த மூச்சுமுட்டும் வேகத்துக்கும் இதையே ஒரு காரணமாகச் சொல்வேன். முடிந்துபோன படத்துக்குள் வேறொரு மொழியின் வாக்கியத்தைத் திணிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, படத்தைத் தமிழ் வரிசைக்கு வெட்டுவது: கோபுரம், விரல், முகம். மோசமில்லை, யார் என்பது கடைசியில் தெரிவதில் ஒரு சின்ன எதிர்பார்ப்பும் கிடைக்கிறது. ஆனால் நான்கு நிமிடமும் இதையே செய்தால் விடுகதை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, பேச்சுத் தமிழை நம்புவது. “இவர்தான் கடைக்காரர். மாலை கட்டுறார்... சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு.” பேசும்போது நாம் வினையைச் சொல்லிவிட்டு, மறந்ததை நினைத்துக்கொண்ட மாதிரி இடத்தையும் ஆளையும் பின்னால் சேர்ப்போம். எழுத்துத் தமிழ் பெரும்பாலும் தயங்கும் இந்த வசதி, வெட்டிய படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த மூன்று புள்ளி இடைவெளியில்தான் கோபுரத்துக்கு கட் விழ வேண்டும். இங்கே 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளியிலேயே பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைத்தது. நம் படங்களின் குரல்கள் மட்டும் இன்னும் மேடையிலிருந்து இறங்கவில்லை.

கட்டுக்கும் சொல்லுக்கும் இடையில் எவ்வளவு? நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், படம் மாறி எட்டு பத்து ஃப்ரேம் கழித்து ‘கோயிலுக்கு’ என்று வரட்டும். பார்க்கிறவர் தானே கோபுரத்தைக் கண்டுகொள்கிறார், குரல் அவரை ஆமோதிக்கிறது. சொல் முன்னால் வந்து படம் பின்னால் வந்தால், குரல் சொன்னதற்குச் சாட்சியாகப் படம் கூப்பிடப்படுகிறது. செய்தித் தொகுப்புகளின் மிடுக்கு இந்த அரை நொடிக்கும் குறைவான இடத்திலிருந்துதான் வருகிறது.

பதிவுசெய்யும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். முதலில் ஃபோனிலேயே ஒரு கச்சாக் குரலைப் பேசி, அதற்குப் படத்தை வெட்டி, கடைசியில் ஏர்கானை அணைத்து, அலமாரித் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பப் பேசுகிறோம். இரண்டாம் தடவை நீளம் ஒருபோதும் ஒன்றாக வராது. குரலை இழுத்தோ சுருக்கியோ பொருத்தக் கூடாது, உலோக வாடை வந்துவிடும். வாக்கியங்களுக்கு இடையில் வெட்டி நகர்த்துவதுதான் வழி. அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால் குரல் ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி கேட்கும். அதே அறையில் யாரும் பேசாமல் ஒரு அரை நிமிடம் பதிவுசெய்து வைத்திருந்தால் அங்கே பரப்பலாம். தெருச் சத்தத்தைக் குரலுக்குக் கீழே தணிக்கும்போதும் அப்படித்தான். மெதுவாக இறக்கி மெதுவாக ஏற்றாவிட்டால் கேம்பல் லேனே மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும்.

படத்தின் கடைசி ஒரு நிமிடத்தில் வர்ணனையாளர் விலகிக்கொள்கிறார், கடையில் சாமான் இறக்க உதவும் ஓர் ஊழியர் பேசுகிறார். முகம் காட்ட வேண்டாம் என்றார். வேலை அனுமதியை நினைத்துப் பயம், கேட்காமலே புரிந்தது. குரலை மட்டும் தந்தார். முகம் காட்ட முடியாதவரும் பேசலாம் என்பது பின்னணிக் குரலின் நல்ல பக்கம். ஆனால் எதன் மேல் வைப்பது? முதல் வெட்டில், புல்வெளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேறொருவரின் மேல் அந்தக் குரல் விழுந்தது. பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் “அவரா இப்படிச் சொன்னார்?” என்றார்கள். வாய் மூடியிருந்தாலும் மனுஷ முகத்தின் மேல் ஒரு குரலை வைத்தால் அது அவருடைய மனக்குரலாகிவிடுகிறது. சாப்பிட்டவர் ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றியோ மகளைப் பற்றியோ எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

நண்பர் அந்த ஷாட்டை எடுத்துவிட்டார். இப்போது அந்தக் குரலுக்கு நேராகத் திரையில் இருப்பது இறக்கிவைத்த சாமந்திக் கூடைகள். மேலே ஈரத்துணி, அவ்வப்போது ஒரு கை வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போகும். கை அவருடையதுதான்.