ஒரே பாக்கி, மூன்று குரல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு வாய்க்கும் வேலைகளில் கசப்பானது பாக்கி கேட்பது. கேட்க வேண்டிய ஆள் லிஃப்டில் தினமும் எதிர்ப்படுகிறவர். கேட்காமலும் இருக்க முடியாது, வாட்ச்மேன் சம்பளம் யார் கொடுப்பது? தமிழ் வாக்கியத்தில் தொனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து ரசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மனசில் தோன்றுகிறபடியே எழுதினால் வாக்கியம் இப்படி வரும்:

“நீங்கள் மூன்று மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை, 10-ஆம் தேதிக்குள் கட்டுங்கள்.”

இதில் பொய் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் வாங்கிப் படிப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். இனி இதையே மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். முதலில் அலுவல் முறையில்:

“தங்கள் வீட்டிற்கான ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பராமரிப்புக் கட்டணம் ரூ.7,500 நிலுவையில் உள்ளதால், அதனை அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அடுத்து, தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி:

“சார், நம்ம மெயின்டனன்ஸ் மூணு மாசம் சேர்ந்து 7,500 நிக்குது, பத்தாம் தேதிக்குள்ள கொஞ்சம் போட்டுவிட்டுடுங்களேன்.”

கடைசியாக, கறாராக:

“ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பராமரிப்புக் கட்டணம் ரூ.7,500-ஐ அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் செலுத்திவிடுங்கள். 11-ஆம் தேதியிலிருந்து சங்க விதிப்படி தாமதக் கட்டணம் சேரும்.”

மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வாருங்கள்: தப்பு யாருடையது என்று எந்த வாக்கியம் சொல்கிறது? மூன்றுமே சொல்லவில்லை. “நீங்கள் கட்டவில்லை” என்பது எங்குமே இல்லை. அலுவல் வாக்கியத்தில் கட்டணம் தானாக “நிலுவையில் உள்ளது”. நட்பு வாக்கியத்தில் பணம் தானாக “நிக்குது”. நடையில் ஒன்று சட்டை பட்டன் போட்டிருக்கிறது, இன்னொன்று லுங்கியில் இருக்கிறது. செய்கிற தந்திரம் ஒன்றுதான், ஆளை விலக்கிவிட்டுப் பணத்தை எழுவாய் ஆக்குவது. கறார் வாக்கியத்தில் “செலுத்திவிடுங்கள்” என்னும்போது எதிராளி உள்ளே வருகிறார். ஆனால் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில் மட்டும் வருகிறார், செய்யத் தவறியதைச் சொல்லும் இடத்தில் அல்ல. சுருக்கென்ற அந்த முதல் வாக்கியத்தில் எது தைத்தது என்பது இப்போது பிடிபடும்.

இனி வினைமுற்றைப் பாருங்கள். தமிழில் தொனியின் பெரும்பங்கு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. முன்பாதியைத் தொடாமல் வாலை மட்டும் மாற்றிப் பாருங்கள்: கட்டு, கட்டுங்கள், கட்டவும், கட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம், கட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். “கட்டவும்” என்பதில் எதிரில் யாரும் இல்லை. அது சுவரில் ஒட்டிய நோட்டீஸ் பேசுவது. “கேட்டுக்கொள்கிறோம்” என்றதும் வாக்கியத்தின் முக்கிய வினையே மாறிவிடுகிறது. இப்போது நடக்கும் வேலை கேட்பது. கட்டுவது அதற்குள் அடங்கிய துணை வேலை. ஆணை இலக்கணத்திலேயே ஒரு படி தள்ளிப் போய்விட்டது. கடைசி வடிவத்தில் கேட்கிறவரும் காணாமல் போகிறார். அதைப் படித்தால் அரசாங்க ஆபீஸின் வாடை அடிக்கிறதே, காரணம் அதுதான்: கேட்டது யார் என்று யாரும் போய்க் கேட்க முடியாது. குடியிருப்புச் சங்கம் அந்த அளவுக்குப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. மூன்றாம் மாடிக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் தமிழ் எதற்கு?

நட்பு வாக்கியத்தில் மூன்று சின்னச் சொற்கள் வேலை செய்கின்றன. “நம்ம” என்பதில் பாக்கிக்காரரும் அடக்கம். அலுவல் வாக்கியத்தின் “கொள்கிறோம்” என்ற -ஓம் அவரை வெளியே நிறுத்திய ஓம். இந்த “நம்ம” அவரைத் திரும்ப வீட்டுக்குள் கூப்பிடுகிறது. “கொஞ்சம்” இங்கே அளவு அல்ல. கொஞ்சம் வாங்க, கொஞ்சம் கேளுங்க என்பதில் வருகிற அதே கொஞ்சம். ஆனால் குசும்புக்காரர் ஒருவர் இரண்டாயிரத்தை அனுப்பிவிட்டு, “நீங்கதானே கொஞ்சம் போடச் சொன்னீங்க” என்றால் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது, கடைசியில் ஒட்டியிருக்கும் “ஏன்”. “போட்டுவிட்டுடுங்க” என்றால் சொல்வது. “போட்டுவிட்டுடுங்களேன்” என்றால் அவர் விருப்பத்துக்கு இடம் விட்டுக் கேட்பது. இரண்டே எழுத்தில் மறுக்கும் உரிமையைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

கறார்க் குரல்தான் பலருக்கும் தவறிப் போவது. கறார் என்று நினைத்துக் கோபத்தை எழுதிவிடுகிறார்கள். “எத்தனை முறை சொல்வது? உடனடியாகக் கட்டாவிட்டால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்!” படிக்கப் பலமாக இருக்கிறது, இல்லையா? பிரித்துப் பாருங்கள். “எத்தனை முறை” என்பது கேள்வி. கேள்வி கேட்டால் பதில் வரும், பணம் வராது. “ஒரு முறைதான் சொன்னீர்கள்” என்று அவர் ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். “உடனடியாக” என்பதற்குத் தேதி கிடையாது. “கடும் நடவடிக்கை” என்ன நடவடிக்கை, யார் எடுப்பது, என்றைக்கு? ஒன்றும் இல்லை. மேலே உள்ள கறார் வாக்கியத்தில் அடைமொழி ஒன்றுகூடக் கிடையாது. தொகை, தேதி, விதி மட்டும். விளைவைச் சொல்லும் வினையும் “வசூலிப்போம்” அல்ல, “சேரும்”. யாரும் கை ஓங்கவில்லை. விதி தன் பாட்டுக்கு நடக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை: அந்த விதி உண்மையில் சங்கத்தின் விதிமுறைகளில் இருக்க வேண்டும். “தண்ணீரை நிறுத்துவோம்” என்று எழுதிவிட்டு நிறுத்த முடியாமல் போனால், அடுத்த கடிதத்தை எவ்வளவு கறாராக எழுதினாலும் அவர் புன்னகையோடு படிப்பார்.

இன்னொரு விளையாட்டு, துண்டுகளை மாற்றி ஒட்டுவது. “தங்கள் வீட்டிற்கான பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் உள்ளதால், கொஞ்சம் போட்டுவிட்டுடுங்களேன்.” சிரிப்பு வருகிறது. தங்களும் டுங்களேனும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. சிரிப்பு வராமல் குத்துகிற கலவையும் உண்டு. ஒன்பது மணிக்கும் எழாத மகனிடம் அம்மா, “ஐயா எழுந்தருளலாமா?” என்பாள். சொல்லில் மரியாதை ஏறியிருக்கிறது, உறவில் அதற்கு இடமில்லை. மிஞ்சிய மரியாதை முழுக்கக் குத்தலாகிவிடுகிறது. தினமும் “என்ன சார், காபி ஆச்சா” என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அலுவல் வாக்கியத்தைத் திடீரென்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், அவர் படிப்பதும் இந்தக் குத்தலைத்தான். அவருக்கு அது மரியாதையாகத் தெரியாது, சண்டைக்கு முகவுரையாகத் தெரியும்.

நட்புக் குரலுக்கும் ஓர் எல்லை உண்டு. “போட்டுவிட்டுடுங்களேன்” என்பதைக் குரல் தாழ்த்திச் சொன்னால் கெஞ்சல். “ளேன்” என்பதை அழுத்திச் சொன்னால் “இன்னும் எத்தனை நாள்தான்” என்ற சலிப்பு. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதைப் படிப்பது என்பதை அன்றைய அவர் மனநிலை முடிவு செய்யும். விவரம் தெரிந்த செயலாளர்கள் முதல் தடவை போனில்தான் கேட்கிறார்கள். கடிதம் இரண்டாம் தடவைக்கு.