டேப்பர் கம்பியின் நீட்சியை ரசிப்பது எப்படி?

திருப்பூர் லேத் பட்டறைகளில் டேப்பர் கடையத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கம்பியை இழுத்தால் எவ்வளவு நீளும் என்று கேட்டால் மட்டும், "சராசரி விட்டம் போட்டுக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளோ தொகையீட்டுக் குறியைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கம்பியை மெல்லிய வில்லைகளாக நறுக்கியதாக நினைத்து, ஒவ்வொன்றின் நீட்சியையும் கூட்டினால் 4PL/(πEDd) வரும். D பெரிய விட்டம், d சின்ன விட்டம். சீரான கம்பிக்கு விட்டத்தின் வர்க்கம் நிற்கும் இடத்தில், இங்கே இரு முனை விட்டங்களின் பெருக்கற்பலன் நிற்கிறது. அவ்வளவுதான்.

இனி எண்களோடு பாருங்கள். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி, ஒரு முனை 30 மி.மீ., மறுமுனை 10 மி.மீ., இழுவிசை 10 கிலோநியூட்டன். உண்மை நீட்சி 0.212 மி.மீ. சராசரியான 20 மி.மீ. விட்டத்தில் போட்டால் 0.159 தான் வரும். கால் பங்கு காணாமல் போயிற்று! எங்கே போனது? கம்பியை நடுவில் பிரியுங்கள். தடித்த பாதி 0.053 நீள்கிறது, மெலிந்த பாதி 0.159. சராசரிக் கம்பி முழுதும் நீளும் அளவை இங்கே மெலிந்த பாதி ஒன்றே நீண்டுவிடுகிறது. தடிமனால் கிடைக்கும் லாபம், மெலிவால் வரும் நஷ்டத்தை ஒருநாளும் ஈடுகட்டாது.

என் மனதுக்கு நெருக்கமான இடம் இதுதான். "விட்டத்துக்குப் பதில் பரப்பின் சராசரியை எடுங்கள், சரியாகிவிடும்" என்று சிலர் மேதாவித்தனமாகச் சொல்வார்கள். மேலோட்டமான பேச்சு. 900, 100 என்ற விட்ட வர்க்கங்களின் சராசரி 500. சராசரி விட்டத்தின் வர்க்கமோ 400. தேவைப்படுவது 300. அவர்கள் வழியில் போனால் பிழை 25 சதவீதத்திலிருந்து 40க்கு ஏறுகிறது. 300 என்பது 30ஐ 10ஆல் பெருக்கியது. அதன் வர்க்கமூலமான 17.32 மி.மீ. விட்டத்தில் ஒரு சீரான கம்பி கடைந்தால், அது நம் டேப்பர் கம்பி அளவுக்கே நீளும். கூட்டிப் பாதியாக்கும் சராசரி வேறு, பெருக்கி மூலம் எடுக்கும் சராசரி வேறு. கம்பி இரண்டாவதைத்தான் மதிக்கிறது. நிறம் நிறமாகத் திரையில் படம் காட்டும் மென்பொருளை மட்டும் நம்புகிறவர்களுக்கு இந்த 17.32 கண்ணிலேயே படாது.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன்: பட்டறைக்காரர் சொல்வது எப்போதுமே தப்பு என்றில்லை. முனைகள் 22, 18 என்றிருந்தால் பிழை வெறும் 1 சதவீதம். விட்ட வித்தியாசத்தில் பாதியைச் சராசரி விட்டத்தால் வகுத்து, பத்தால் பெருக்கி வர்க்கப்படுத்துங்கள்; பிழை சதவீதமாகவே கிடைக்கும். சூத்திரம் செல்ல, டேப்பர் மென்மையாக இருக்கவேண்டும், மெலிந்த முனையின் தகைவு மீட்சி எல்லைக்குள் நிற்கவேண்டும். நம் கம்பியில் அந்தத் தகைவு சதுர மி.மீ.க்கு 127 நியூட்டன். சாதாரண மைல்டு ஸ்டீல் தாங்கும். இழுவிசையை இரண்டரை மடங்காக்கினால் அந்த முனை நிரந்தரமாக நீண்டுவிடும், சூத்திரமும் செல்லாது.