தட்டில் தேறியது, பெட்டியில் தவறியது

தீபாவளி ஆர்டருக்காக எங்கள் ஊர்க் கடை ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் மாதிரித் தட்டு வைத்திருந்தது. கடையின் பெயர் வேண்டாம். பித்தளைத் தாம்பாளத்தில் மைசூர்பாகு, ஜாங்கிரி, பாதுஷா, லட்டு, பேடா. ஒரு கிலோ பரிசுப் பெட்டியிலும் இதே ஐந்து, இதே வரிசை. சிக்கல் அந்த ஒற்றுமையில்தான்.

தாம்பாளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அடியில் வாழையிலை விரித்திருந்தார்கள். ஈரமான பண்டம் வெறும் பித்தளையில் கிடந்தால் களிம்பேறும் என்று தெரிந்த கை அது. மைசூர்பாகின் வெட்டுமுகம் பார்ப்பவர் பக்கம் திரும்பியிருந்தது. கொதிக்கும் நெய் விழுந்து பொரிந்த கண்ணறைகளும், சூடு தங்கிச் சிவந்த நடுப்பட்டையும் தெளிவாகத் தெரிந்தன. பக்குவத்துக்கு வேறு சான்று தேவையில்லை. லட்டுக் கோபுரம் பாதுஷாவை மறைத்தது சிறு குறை. ஒரு மணி நேரக் காட்சிக்கு அந்த அடுக்கு போதும்.

பெட்டி ஒரு மணி நேரத்துக்கானதல்ல. வாங்கி, ஊருக்கு எடுத்துப்போய், மூன்றாம் நாள் திறந்தோம். ஜாங்கிரியை ஒட்டியிருந்த மைசூர்பாகுத் துண்டை அழுத்தினேன். உதிரவில்லை, களிமண்ணாய் நசுங்கியது. ஓரத்துத் துண்டு மட்டும் பழைய மொறுமொறுப்போடு இருந்தது. இரண்டும் ஒரே வார்ப்பில் வெட்டியவை. ஆகவே பிழை அடுப்பில் இல்லை, அடுக்கில். மூடிய பெட்டிக்குள் ஈரம் பாகூறிய பண்டத்திலிருந்து உலர்ந்த பண்டத்துக்குப் போகும். ஜாங்கிரிக்குக் காகிதக் கிண்ணம் போட்டிருந்தார்கள் என்பது உண்மை. கிண்ணம் வழியும் பாகைத் தடுக்கும். காற்று வழியே நகரும் ஈரத்தைத் தடுக்காது. கொடுத்த ஜாங்கிரிக்கும் நட்டம்தான்: மேல்தோல் வறண்டு சர்க்கரை பூத்திருந்தது. பாதுஷாவின் சர்க்கரைப் பூச்சு பிசுபிசுத்தது. லட்டு மட்டும் ஏறக்குறைய வந்தபடியே இருந்தது.

பேடாவின் குறை வேறு வகை. சில்லறை இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் காட்டச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் விதித்திருக்கிறது. அலமாரித் தட்டுகளில் தனித்தனிச் சீட்டு இருந்தது. கடை அந்த விதியைச் சரியாகவே கடைப்பிடித்தது. பெட்டிக்கு வந்ததும் ஐந்துக்கும் ஒரே தேதி, அதுவும் நெடுநாள் தாங்கும் மைசூர்பாகின் தேதி. கலந்து கட்டினால் முதலில் கெடுவதன் தேதியையே ஒட்ட வேண்டும். திறந்த அன்று அட்டைத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. பேடாவில் புளிப்பு தட்டியது.

தயாரிப்பில் இந்தக் கடை முதல் தரம், கட்டுவதில் கடைத்தரம். நெய்ப் பண்டங்களை ஒன்றாகவும், ஜாங்கிரியைத் தனி டப்பாவிலும், பேடாவைத் தனிச் சீட்டோடும் கட்டினால் பெட்டியின் அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும். அதுவரை அங்கே மைசூர்பாகை மட்டும் அரைக் கிலோ நிறுத்து வாங்கிக்கொள்கிறேன்.