பரிந்துரைப் பணம்: எது வரவு, எது செலவு?

2017 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் ‘தேஸ்’ என்ற பெயரில் தன் பணப்பரிமாற்றச் செயலியை இந்தியாவில் இறக்கியபோது, நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் 51 ரூபாய் தந்தது. சேர்ந்தவர் முதல் முறை பணம் அனுப்பியதும் அந்தத் தொகை நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. அதில் பால் வாங்கலாம், கடனை அடைக்கலாம், தொடாமலும் வைத்திருக்கலாம். பின்னால் வந்த ரெஃபரல் போனஸ்களை எடைபோட இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பணத்தை எங்கே, எப்போது, எவ்வளவு சேர்த்துச் செலவழிக்க வேண்டும் என்று கொடுத்தவர் சொல்லாதவரை அது வரவுதான்.

விளம்பரத்துக்குப் போகும் காசில் ஒரு பங்கை ஆள் சேர்த்துவிட்டவருக்குத் தருவதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் போட்ட முதலை நிறுவனம் திரும்ப எடுத்தாக வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் கடைக்குச் செலுத்தும் பணத்துக்கு, 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் பணச்செயலிகள் கடன், காப்பீடு, ரீசார்ஜ் கட்டணம் என்று வேறு வாசல்களில் வருமானம் தேடுகின்றன. ஷாப்பிங் செயலிக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. போனஸையே கூப்பனாகக் கொடுத்துவிட்டால் அதுவே அடுத்த விற்பனையைக் கொண்டுவந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தோழியைச் சேர்த்துவிட்டதற்கு 200 ரூபாய் கூப்பன் வந்திருக்கிறது. 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும், ஏழு நாளில் காலாவதி. உங்களுக்குத் தேவை 600 ரூபாய் குக்கர் ஒன்றுதான். வரம்பைத் தொடுவதற்காக 420 ரூபாய்க்கு ஒரு டப்பா செட்டைச் சேர்க்கிறீர்கள். மொத்தம் 1,020. கூப்பன் போக 820. கடைசிப் பக்கத்தில் கையாளும் கட்டணம் என்று 19 ரூபாய் ஏறி 839 ஆகிறது. குக்கர் மட்டும் வாங்கியிருந்தால், அதே கட்டணத்தோடு 619 கொடுத்திருப்பீர்கள். ஆக, ‘200 ரூபாய் மிச்சம்’ என்று திரையில் தெரியும்போது கையைவிட்டுக் கூடுதலாகப் போயிருப்பது 220 ரூபாய்.

டப்பா செட் 220 ரூபாய்க்குக் கிடைத்ததே, அது லாபமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மாதம் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருள் என்றால் 200 ரூபாயும் உண்மையான லாபம்தான். மாத மளிகையை மொத்தமாக வாங்கும் குடும்பத்துக்கு இப்படிப்பட்ட கூப்பன் நன்றாகவே உதவும். ஆனால் கூப்பனைப் பார்த்த பிறகு தோன்றிய தேவை என்றால், போனஸ் கொடுத்தவர் விற்றுவிட்டார், நீங்கள் வாங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். கூப்பன் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். பட்டியல் கூப்பனுக்கு முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்பதே வித்தியாசம்.

இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டத் தடைச் சட்டத்தைக் காட்டி, கூகுள் பே தன் சுரண்டல் அட்டைகளைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தராமல் விலக்கியது. அங்கே பிரச்சினை அதிர்ஷ்டக் குலுக்கல். தொகை முன்கூட்டியே தெரிந்த பரிந்துரை போனஸ் வேறு வகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் அவிழ்ப்பது எல்லாம் அதில் உண்டு. நம் கணக்கில் வந்த 19 ரூபாயை அதன்கீழ் கேள்வி கேட்கலாம். ஆனால் 999 என்ற வரம்பும் ஏழு நாள் கெடுவும் முன்னரே சொல்லப்பட்டு, உண்மையாகவும் இருந்தால், அவை அந்தப் பட்டியலில் சிக்குவதில்லை. பொய்யே சொல்லாமல் செலவுசெய்ய வைப்பதுதான் இந்தப் பொறியின் பலம்.

ஆகவே தீர்ப்பு இது. வங்கிக் கணக்கில் விழும் தொகை முழு மதிப்புள்ளது. அதற்காகக் கடன் வசதி எதையும் திறக்கச் சொல்லவில்லை என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். வாலட்டில் வரும் தொகை, வழக்கமான மின்கட்டணத்துக்கோ ரீசார்ஜுக்கோ முழுமையாகக் கழியும் என்றால் ஏறக்குறைய பணத்துக்குச் சமம். ஒவ்வொரு முறையும் ஐந்து சதவீதம்தான் கழிக்கலாம் என்றால், 100 ரூபாயைத் தீர்க்க 2,000 ரூபாய்க்கு வாங்கியாக வேண்டும். குறைந்தபட்சத் தொகையும் காலக்கெடுவும் சேர்ந்த கூப்பனின் மதிப்பு, ஏற்கெனவே எழுதிவைத்த பட்டியல் அந்த வரம்பைத் தொடாதவரை சுழியம். அதைக் காலாவதியாக விடுவதால் யாருக்கும் 200 ரூபாய் நஷ்டமாவதில்லை. அத்தகைய கூப்பனுக்காகத் தோழியைச் சேர்த்துவிடுவதும் சரியில்லை. அவருக்கும் வரவேற்புப் பரிசாக அதே நிபந்தனையோடு ஒரு கூப்பன்தான் போய்ச் சேரும்.