இடையில் வரும் ஞாயிறு எந்தக் கணக்கில்?

விடுப்பு விதிகளின் தமிழாக்கம் தேறுமா என்று அறிய ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால் போதும்: ‘விடுப்பின் இடையே வரும் விடுமுறை நாட்களும் விடுப்பாகவே கருதப்படும்.’ ஆங்கிலக் கையேடுகள் பொதுவிதிகளின் கீழ் வைக்கும் வாக்கியத்தின் நேர் தமிழ் இது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் சம்பளப் பட்டியல் போடுபவருக்கு இது உதவாது.

வாரம் ஆறு நாள் வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சனியும் திங்களும் வரவில்லை. அந்த வாக்கியத்தின்படி கழிவது மூன்று நாள். ஆனால் சனி சி.எல்., திங்கள் இ.எல். என்றால் ஞாயிறு எதில் போகும்? இன்னொருவர் காய்ச்சலில் அதே மூன்று நாள் படுத்திருந்தார். ‘இரண்டு நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சான்று’ என்ற விதி அவரைப் பிடிக்குமா? மொழிபெயர்ப்பு எதற்கும் பதில் சொல்லவில்லை. மூலமும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. தமிழ் அந்த மௌனத்தை அப்படியே வாங்கிக்கொண்டது.

ஈட்டிய விடுப்பில் இந்த விதி குழப்பத்தோடு நிற்பதில்லை, சட்டத்தோடும் மோதுகிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, விடுப்பின் நடுவிலோ ஓரத்திலோ வரும் விடுமுறையை அதில் சேர்க்கக் கூடாது என்றது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இடையில் வரும் விடுமுறையை விலக்குகிறது. தகுதிக்கான வேலை நாட்களை மட்டும் 240இலிருந்து 180ஆகக் குறைத்தது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற விகிதம் மாறவில்லை. ஆக, இந்தப் பொதுவிதியை ஈட்டிய, தற்செயல், நோய் விடுப்பு மூன்றுக்கும் ஒன்றாக எழுதவே முடியாது.

பிரித்து எழுதினால் இப்படி வரும்: ‘ஈட்டிய விடுப்பில் ஞாயிறு கழிக்கப்படாது. சனி, திங்கள் எடுத்தால் இரண்டு நாள் குறையும். தற்செயல் விடுப்பிலும் அப்படியே. நோய் விடுப்பில், வராத வேலை நாட்கள் மூன்று அல்லது அதற்கு மேல் ஆனால் சான்று தர வேண்டும். ஞாயிறு இந்த எண்ணிக்கையில் சேராது.’ தற்செயல், நோய் விடுப்புகளுக்கு நிர்வாகம் வேறு முடிவும் எடுக்கலாம். எடுத்த முடிவை எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். அதை முடிவு செய்வது மொழிபெயர்ப்பாளரின் வேலையல்ல. மனிதவளப் பிரிவிடம் கேட்காமல் ‘கருதப்படும்’ என்று மூடி மறைப்பதும் அவர் வேலையல்ல.

வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்த்த வடிவம் தேறாது. விடுப்பு வாரியாகப் பிரித்து, கணக்கும் போட்டுக் காட்டிய வடிவமே தேறும். ஆனால் அதன் அடியில் ‘முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும்’ என்ற வரி இருந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட விதிகளை ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் ஒட்டச் சொன்னது. படித்து நடக்க ஒரு பிரதி, வழக்கு வந்தால் காட்ட இன்னொன்று என்றால், ஒட்டியதில் பயனில்லை. ஆங்கில மூலத்தையும் இதே பிரிப்பின்படி திருத்திய பிறகே இரண்டையும் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.