முக்காற்புள்ளிக்கு ஒரு ரசிகன்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கருவிக் கம்பி இழுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; மாட்பஸ் என்றாலே ஆர்.டி.யு. என்பார்கள். நான் இன்னும் ஆஸ்கி கட்சிதான். 1979-இல் மாடிகான் நிறுவனம் வெளியிட்ட அந்த நெறிமுறையில் என்னைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு எழுத்து: ஒவ்வொரு செய்தியின் தலையிலும் நிற்கும் முக்காற்புள்ளி.

முதலாம் முகவரியில் ஒரு கருவி. கழிவுநீரின் ஓட்டத்தையும் பிஹெச் அளவையும் இரண்டு பதிவகங்களில் வைத்திருக்கிறது. அதனிடம் கேள்வியும் அது தரும் பதிலும் இப்படி இருக்கும்:

```
:010300000002FA
:010304015202E4BF
```

கடைசியில் கண்ணுக்குத் தெரியாத CR, LF இரண்டும் உண்டு. பதிலில் `0152` என்பது 338. அதாவது மணிக்கு 33.8 கன மீட்டர். `02E4` என்பது 740, பிஹெச் 7.40. `BF` சரிபார்ப்பு.

இப்போது பதில் பாதியில் வரும்போது காற்றூட்டி மோட்டார் கிளம்புகிறது. அதன் கேபிளோடு ஒரே தட்டில் ஓடும் ஆர்.எஸ். 485 கம்பி தடுமாறுகிறது. சல்ஃபைடு நீரிலிருந்து எழும் வாயு பட்டுக் கறுத்துப்போன செம்பு முனை ஒன்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்கிறார். அவருடைய பெட்டிக்குள் வந்து சேர்வது இது:

```
:01030401:010304015202E4BF
```

இரண்டாவது முக்காற்புள்ளியைப் பாருங்கள். அது வந்த கணத்தில், அதுவரை சேர்த்ததை அப்படியே கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. தரவில் 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் மட்டுமே வர முடியும் என்பதால், நடுவில் முக்காற்புள்ளி தரவாக வந்திருக்குமோ என்ற ஐயத்துக்கே இடமில்லை. தலை தொலைந்த துண்டு வந்தால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வால் தொலைந்த துண்டு அடுத்த முக்காற்புள்ளி வரும்வரை பயன்படாமல் கிடந்து அழிகிறது. பச்சை பைட்டுகளை STX, ETX நடுவில் வைத்து அனுப்புகிற கருவிகளில் இந்த நிம்மதி கிடையாது. மதிப்பே 03 ஆக இருந்தால் அதுவே வாலாகத் தெரியும். அதைத் தடுக்கத் தப்பிப்புக் குறி ஒன்றைத் தனியாகச் செருக வேண்டும்.

ஆர்.டி.யு. நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர்களுடைய கேள்விக்கு எட்டு பைட் போதும். எனக்குப் பதினேழு எழுத்து ஆகிறது. அவர்களுடைய சி.ஆர்.சி. என்னுடைய எல்.ஆர்.சி.யைவிடக் கெட்டி. `0152`, `02E4` இரண்டும் இடம் மாறி வந்தால் கூட்டுத்தொகை மாறாது, என் சரிபார்ப்பு ஏமாந்துவிடும். ஆனால் அவர்களுக்கு எல்லைக்கல்லே மௌனம்தான். 9600 வேகத்தில் மூன்றரை எழுத்து நேரம், சுமார் நான்கு மில்லிசெகண்ட். நடுவில் ஒரு மோடமோ யு.எஸ்.பி. மாற்றியோ வந்துவிட்டால், அது தன் வசதிக்கு நிறுத்தி நிறுத்தி அனுப்பும்; முழுச் செய்தியும் இரண்டு பாதியாகத் தெரியும். என் முக்காற்புள்ளிக்குக் கடிகாரமே வேண்டாம். பிஹெச் நகர நிமிடங்கள் ஆகும் தொட்டியில் சில மில்லிசெகண்ட் மிச்சம் பிடித்து யாருக்கு லாபம்?

என் ஆதங்கம் வேறு. அந்தக் காலத்துப் பெட்டிகள் அரைகுறைச் செய்தியைக் கொட்டினால் கொட்டியதோடு சரி. இப்போது எழுதப்படும் மென்பொருள் பலவற்றில், கொட்டிய இடத்தை வெறுமையாக விட மனம் வருவதில்லை. ஒரு நிலையத்தில் பார்த்தேன்: பதில் அறுந்த ஒவ்வொரு முறையும் மாறி பூஜ்யமாகி, அப்படியே பதிவேட்டுக்குள் போயிருந்தது. பிஹெச் பூஜ்யம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கருவி கெட்டுவிட்டது என்று ஆள் அனுப்புவார்கள். வெளியேற்றக் குழாயில் ஓட்டம் பூஜ்யம் என்றால் எல்லோரும் நம்புவார்கள். பாலாற்று வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஊர்கள் இவை; திரவக் கழிவு துளியும் வெளியேறக்கூடாது என்பதே இன்று இங்குள்ள இலக்கு. இங்கே பூஜ்யம் என்பது நற்சான்று. அறுந்த கம்பி அதை வழங்கக்கூடாது.

கடைசியாக வந்த நல்ல மதிப்பையே புதியதுபோல் காட்டிக்கொண்டிருப்பதும் அதே குற்றம்தான். ஆகவே அடுத்து அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். முக்காற்புள்ளியை நம்பித் துண்டைக் கொட்டுங்கள். பழைய மதிப்பை அது வந்த நேரத்தோடு காட்டுங்கள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். எத்தனை கொட்டினீர்கள் என்ற எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த எண் ஏறத் தொடங்கினால் கம்பி முனையைத் துடைக்க ஆள் அனுப்பலாம்.